விற்றதா, விற்றதாகக் காட்டியதா?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இங்கே படித்தது இயந்திரவியல். இப்போது பார்க்கிற வேலை வேறு. கம்பெனிகள் சமூக வலைத்தளங்களில் விளம்பரம் கொடுக்கின்றன அல்லவா, அதனால் சரக்கு உண்மையிலேயே விற்றதா என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இந்த அரங்கில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். மாணவர்களில் சிலர் நாளைக்கு இந்த விளம்பர அறிக்கைகளைத் தயாரிக்கிற வேலைக்கே போவீர்கள். ஒருவர் பணம் கொடுப்பவர், இன்னொருவர் கணக்குச் சொல்பவர். இருவருக்கும் பொதுவான ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்ற எண்களால் விற்பனையைச் சொல்ல முடியாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். "அதெல்லாம் வேண்டாம் தம்பி, எவ்வளவு வித்துச்சு, அதைச் சொல்லு" என்று முதலாளிகளே கேட்கிறார்கள். உடனே விளம்பர நிறுவனத்துக்காரர் இன்னொரு எண்ணைக் காட்டுவார். ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை ரூபாய் விற்பனை என்ற விகிதம் அது. திரையில் ROAS என்று இருக்கும். சிக்கல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. கோயம்புத்தூரில் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனி. ஒரு கிரைண்டர் விலை 6,000 ரூபாய். உற்பத்திச் செலவு, கடைக்காரர் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் போக 1,500 ரூபாய் மிஞ்சும். தீபாவளிக்கு முன்னால் நாலு வாரம் 6 லட்ச ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தார்கள். விளம்பரத்தால் 480 கிரைண்டர் விற்றது என்று திரை சொல்கிறது. அதாவது 28 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விற்பனை, விகிதம் 4.8. "சார், போட்டதுக்கு அஞ்சு மடங்கு கிட்ட வந்திருக்கு" என்பார்கள்.

முதலில் இந்த 4.8 என்ற எண்ணையே பாருங்கள். நூறு ரூபாய் விற்றால் 25 ரூபாய்தான் மிஞ்சுகிறது. அப்படியானால் விளம்பரச் செலவு கட்டுப்படியாகவே விகிதம் 4 வர வேண்டும். கையில் நிற்பது 4-க்கு மேலே உள்ள பகுதி மட்டுமே. 480 கிரைண்டருக்கு மிச்சம் 7 லட்சத்து 20 ஆயிரம். செலவு 6 லட்சம். லாபம் 1 லட்சத்து 20 ஆயிரம். திரை சொல்வது அத்தனையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும் அவ்வளவுதான்.

சரி, திரை சொல்வது உண்மையா? அந்த 480 எப்படி எண்ணப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் 2021 முதல் இருந்து வந்த வழக்கமான ஏற்பாடு இது: ஒருவர் விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் வெறுமனே கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறும். இந்தக் கால அளவை மாற்றினால் எண்ணும் மாறும். இன்னொரு விஷயம், யாருக்குக் காட்டினால் வாங்குவார் என்று தேடிப் பார்த்துக் காட்டும்படிதான் அந்த இயந்திரமே அமைந்திருக்கிறது. கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் கிரைண்டரைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, "ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் வாங்கலாம்" என்று இருக்கிற அம்மாவின் முன்னால்தான் விளம்பரம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அவர் வாங்குவார், விளம்பரம் பெயர் வாங்கிக்கொள்ளும்.

நம் கேன்டீன் வாசலில் பதினொரு மணிக்கு நின்றுகொண்டு, உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் "டீ குடியுங்கள்" என்று ஒரு நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸ் வாங்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் டீ குடித்திருப்பார்கள். நோட்டீஸினால் எத்தனை டீ கூடுதலாக விற்றது?

அந்தக் 'கூடுதல்' தான் நாம் தேட வேண்டிய எண். விளம்பரம் இல்லாவிட்டால் நடந்தே இருக்காத விற்பனை எத்தனை? அது இந்தத் திரையில் தானாக வராது. விளம்பரம் இல்லாத ஓர் இடத்தை நாமே வேண்டுமென்று விட்டுவைத்தால்தான் வரும். சோதனைச்சாலையில் ஒன்றை மாற்றி, இன்னொன்றை மாற்றாமல் வைத்து ஒப்பிட்டோமே, அதேதான்.

நம் கிரைண்டர் கம்பெனி இப்படிச் செய்ததாக வைத்துக்கொள்வோம். விற்பனையில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாவட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஐந்து ஜோடி எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எந்த மாவட்டத்தில் விளம்பரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். இங்கே நம் விருப்பம் நுழையக் கூடாது. நன்றாக விற்கிற ஊரை விளம்பரப் பக்கம் தள்ளத்தான் கை போகும். ஒரு ஜோடியின் இரண்டு மாவட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இங்கே விளம்பரம் பார்த்தவர் அங்கே போய் வாங்குவார்.

விளம்பரத்துக்கு முந்தைய நாலு வாரத்தில் முதல் ஐந்து மாவட்டங்களில் 1,000 கிரைண்டர், விளம்பரம் போகாத ஐந்தில் 800. விளம்பரம் ஓடிய நாலு வாரத்தில், போகாத மாவட்டங்களிலேயே 800 என்பது 960 ஆகிவிட்டது. பண்டிகைக் காலம், 20 சதவீதம் தானாகவே ஏறிவிட்டது. அப்படியானால் விளம்பரம் போன மாவட்டங்களிலும் ஒன்றும் செய்யாமலே 1,200 வந்திருக்கும். உண்மையில் விற்றது 1,310. ஆகவே விளம்பரம் கொண்டுவந்த கூடுதல் விற்பனை 110.

திரை 480 என்றது. கணக்கு 110 என்கிறது. 110 கிரைண்டருக்கு மிச்சம் 1 லட்சத்து 65 ஆயிரம், செலவு 6 லட்சம். ஒரு கூடுதல் கிரைண்டரை விற்க விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 5,450 ரூபாய். திரையை நம்பியவர் லாபம் என்று நினைத்து அடுத்த மாதம் 12 லட்சம் போடுவார். அவர் போடுவது வங்கிக் கடனாகவும் இருக்கலாம்.

இந்த விற்பனையை எங்கிருந்து எண்ணுவது என்பது முக்கியம். திரை இணையதள விற்பனையை மட்டும்தான் பார்க்கிறது. விளம்பரம் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் போய் வாங்குகிறவர் அதில் வரமாட்டார். மாவட்டக் கணக்கில் இருவருமே வருவார்கள், விளம்பரத்துக்குச் சாதகமான விஷயம் இது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து கடைக்குப் போன சரக்கை விற்பனையாக எண்ணக் கூடாது. பண்டிகைக்குக் கடைக்காரர் வாங்கி அடுக்கி வைத்திருப்பார். வாடிக்கையாளருக்குப் போட்ட பில் அல்லது உத்தரவாத அட்டைப் பதிவுதான் சரியான ஆதாரம். வீட்டில் கொடுத்துப் பணம் வாங்கும் முறையில் போய்த் திரும்பி வந்த சரக்கையும் கழித்துவிட வேண்டும்.

அடுத்து, இந்த 110-ஐ நம்பலாமா? விளம்பரமே இல்லாத பழைய மாதங்களை எடுத்து, அதே பத்து மாவட்டங்களுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும், வராது. ஒரு தடவை 20 கூட, ஒரு தடவை 35 குறைய என்று ஆடும். ஆட்டம் 40-க்குள் இருந்தால் 110-க்கு அர்த்தம் உண்டு. பழைய மாதங்களிலேயே 130 கூட, 90 குறைய என்று ஆடியிருந்தால் 110 வெறும் இரைச்சல்தான். இந்தச் சோதனையை விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆட்டம் அதிகம் என்றால் மாவட்டங்களைக் கூட்டுங்கள், வாரங்களை நீட்டுங்கள்.

இன்னும் நாலு வாரம் கணக்கை மூடாமல் வைத்திருங்கள். அடுத்த மாதம் வாங்க இருந்தவர் தீபாவளிக்கே வாங்கியிருக்கலாம். விளம்பரம் ஓடிய மாவட்டங்களில் பிறகு 50 கிரைண்டர் குறைந்தால், உண்மையான கூடுதல் 60 தான்.

இது என் சொந்தச் சந்தேகம் அல்ல. ஈபே நிறுவனத்தின் பொருளாதார வல்லுநர்கள் 2012-இல் இப்படியே நிறுத்திப் பார்த்தார்கள். அது சமூக வலைத்தளம் அல்ல, தேடுபொறி விளம்பரம். யாகூ, மைக்ரோசாஃப்ட் தேடுபொறிகளில் தங்கள் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்தினார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர், பக்கத்திலேயே இருந்த இலவச முடிவைத் தொட்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்காவில் ஃபேஸ்புக்கில் நடந்த 15 விளம்பரங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்த சோதனையின் விடையையும், பார்த்தவரையும் பார்க்காதவரையும் ஒப்பிடும் புள்ளியியல் முறைகளின் விடையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். புள்ளியியல் முறைகள் பல இடங்களில் விளம்பரத்தின் பலனை மிகைப்படுத்தியே காட்டின. எவ்வளவு தரவு சேர்த்தாலும் குலுக்கலுக்கு ஈடாகவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மாதம் முப்பது உருப்படி விற்கிற சிறு தொழிலுக்கு இது விடை சொல்லாது, எண்ணிக்கை போதாது. நாலு வாரச் சோதனை, இரண்டு வருடம் கழித்து ஒரு பெயர் மனத்தில் நிற்பதால் வருகிற விற்பனையை அளக்காது. 110 என்பது 'இந்த விளம்பரம், இந்த விலை, இந்தப் பண்டிகை' ஆகியவற்றுக்கான விடைதானே தவிர, எல்லா விளம்பரமும் வீண் என்பதற்கான தீர்ப்பு அல்ல. படத்தை மாற்றி, புதிய வாடிக்கையாளருக்கு மட்டும் காட்டி, மறுபடி சோதித்தால் வேறு எண் வரலாம்.

ஆகவே தொழில் நடத்தும் நண்பர்களே, அறிக்கை வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். விளம்பரம் போகாத இடத்தில் அதே நாட்களில் என்ன விற்றது? ஒரு கூடுதல் உருப்படிக்கு எவ்வளவு செலவு, எனக்கு எவ்வளவு மிச்சம்? விளம்பரம் இல்லாத மாதங்களில் இதே கணக்கு எவ்வளவு ஆடுகிறது? தம்பி தங்கைகளே, அறிக்கை எழுதும் இடத்தில் நீங்கள் உட்காரும்போது, 480-ஐயும் 110-ஐயும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 110-ஐ விட்டுவிட்டு எழுதச் சொல்லி ஒருவர் நிச்சயம் வந்து நிற்பார். பணம் யாருடையது என்பதை மட்டும் அப்போது நினைத்துப் பாருங்கள்.