அழிக்கச் சொல்பவன் யார் பக்கம்?



கந்தோரில் வேலை செய்கிற ஒரு பிள்ளையின் முகத்தை வெட்டி, வேறொரு உடம்பில் ஒட்டி, கூட வேலை செய்கிறவர்களே போனுக்குப் போன் அனுப்புகிறார்கள். செய்தி அவளின் காதுக்கு வந்ததும் ஊரும் வீடும் ஒரே குரலில் சொல்வது என்ன? "அதை அழித்துவிடு, குழுவை விட்டு வெளியே வா, கதையை வளர்க்காதே." நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தப் புத்திமதியால் நன்மை அடைகிறவன் படத்தைச் செய்தவன் ஒருவன்தான். அவனுக்கு எதிரான சாட்சியத்தை அவன் கேட்காமலே நாம் அழித்துக் கொடுக்கிறோம். இதைத்தான் நான் இன்று இந்த மேடையில் எதிர்க்க வந்திருக்கிறேன்.

2016 ஜூன் மாதம், தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம். இருபத்தொரு வயதுப் பட்டதாரிப் பெண். அவளுடைய முகத்தை அரைகுறை உடையில் இருந்த உடம்போடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். தந்தை காவல்துறையில் முறையிட்டார். பேஸ்புக்கிலிருந்து விவரம் வரவேண்டும், பொறுங்கள் என்று நாட்கள் கடத்தப்பட்டன. விசாரித்த பிரிவில் இருந்த ஒரு காவலர் லஞ்சமாகக் கைத்தொலைபேசி கேட்டு வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதற்குள் இரண்டாவது படம் வந்தது. மறுநாள் அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். அவள் இறந்த ஓரிரு நாளிலேயே சந்தேகநபரைக் கைதுசெய்தார்கள். மாவட்டக் காவல்துறை மேலதிகாரி குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அவள் உயிரோடு இருந்தபோது முடியாத கைது, இறந்தபின் எப்படி முடிந்தது? இந்தக் கேள்வியைச் சேலத்தோடு விட்டுவிடாதீர்கள். நம் பொலிஸ் நிலைய வாசலிலும் இதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே நடந்தது பேஸ்புக்கில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய. கந்தோரில் நடப்பது வட்ஸ்அப் குழுவுக்குள். இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: பாதிக்கப்பட்டவள் பெரும்பாலும் அந்தக் குழுவிலேயே இருக்கமாட்டாள். படம் முப்பது பேரின் போனில் இருக்கும், அவளிடம் மட்டும் இருக்காது. ஆகவே வழக்கு அவள் கையில் இல்லை. அந்தக் குழுவில் பேசாமல் இருந்து பார்த்த ஒருவரின் கையில் இருக்கிறது.

ஒரு கந்தோரை மனத்தில் வையுங்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அரிசிமலைக் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் தன் போனில் எடுத்து, ஊழியர் குழுவில் போடுகிறார். இரண்டு வாரம் கழித்து அதே முகம், அதே வெயில், அதே பக்கம் திரும்பிய பார்வை, ஆனால் உடம்பு வேறு. இப்போது அந்தப் பழைய கடற்கரைப் படம்தான் முதல் சாட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெட்டிய இடம் தெரியும், முக்காட்டின் ஓரம் கழுத்தருகே திடீரென்று முடிந்திருக்கும். அது மட்டுமல்ல. அந்தப் படம் ஊழியர் குழுவைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்றால், செய்தவன் அந்தக் குழுவுக்குள்தான் இருக்கிறான், அல்லது அங்கிருந்து வாங்கியிருக்கிறான். எடுத்தவருடைய போனில் உள்ள மூலப்படத்தில்தான் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் போய் வந்த பிரதியில் அந்த விவரம் பெரும்பாலும் கழன்றுவிடும். ஆகவே எடுத்தவர் தன் போனில் அதை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இனி குழுவில் அந்தப் படத்தைப் பார்த்த நல்ல மனிதருக்குச் சொல்கிறேன். அனுப்பியவன் நினைத்தால் இரண்டு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரம்வரை எல்லோருடைய போனிலிருந்தும் அதை அழிக்கலாம். தானாக மறையும்படி வைத்த குழு என்றால் 24 மணித்தியாலத்திலேயே போய்விடக்கூடும். எனவே அந்த நிமிடமே திரையைப் படம் பிடியுங்கள். படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். மேலே குழுவின் பெயர், கீழே நேரம், முன்னும் பின்னும் வந்த செய்திகள், சிரித்தவர்களின் பதில்கள் எல்லாம் தெரியவேண்டும். அனுப்பியவனை உங்கள் போனில் "மச்சான்" என்று சேமித்திருந்தால் நீதிமன்றத்துக்கு மச்சான் யாரென்று தெரியாது. அவன் பெயரைத் தொட்டு, இலக்கம் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். குழு உறுப்பினர் பட்டியலையும் எடுங்கள். பிறகு இன்னொரு போனால், குழுவைத் திறப்பதிலிருந்து அந்தச் செய்தி வரை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். திரையில் பிடித்த படத்தை யாரும் போலியாகச் செய்யலாம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வார். அதற்கு உண்மையான பதில் அந்தச் செய்தி இன்னும் இருக்கிற உங்கள் போன்தான். அதை விற்காதீர்கள், புதிதாக அமைக்காதீர்கள்.

வட்ஸ்அப்பிடம் முறையிடுவது நல்லது, ஆனால் இதற்கெல்லாம் பிறகு. முறையிடும்போதே குழுவிலிருந்து வெளியேறி உரையாடலையும் அழிக்கிற தெரிவு அதே இடத்தில் வரும். பதற்றத்தில் அதை அழுத்தி, இருந்த சாட்சியத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். "பாருங்கள், என்ன அநியாயம்" என்று மேலாளருக்கும் சங்கத் தலைவருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அந்தப் படத்தை அனுப்புகிறவரும் அதைப் பரப்புகிறவர்தான். என்ன படம், யார் அனுப்பியது, எந்த நாள், எந்த நேரம், எந்தக் குழு என்று கடிதத்தில் எழுதுங்கள், போதும். படத்தை விசாரணை அதிகாரிக்கு மட்டும், போனில் நேரே காட்டுங்கள்.

பொலிஸில் "இதற்குச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சொல்லாலும் செயலாலும் செய்யும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. ஐந்து வருடம்வரை சிறை உண்டு, இழப்பீடும் கட்டளையிடலாம். வேலைத்தலத்தையும் அந்தப் பிரிவின் விளக்கம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

புல்மோட்டைப் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், இது கிழக்கு மாகாணம், தமிழ் இங்கே நிர்வாக மொழி. வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வையுங்கள், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்கு வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் எழும்பாதீர்கள். போனைக் கேட்டால் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். கொடுக்குமுன் `*#06#` அழுத்தினால் வரும் இலக்கத்தைக் குறித்து வையுங்கள், திரும்பி வருவது அதே போனா என்று பார்க்கலாம். நிலையத்தில் இழுத்தடித்தால் கொழும்பிலுள்ள குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். தனியாகப் போகப் பயமென்றால் குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரோடு போங்கள். பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வேலை கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முறையிட்டவளை "உன் நன்மைக்காக" வேறு கிளைக்கு மாற்றுகிறீர்களே, அது அவளுக்குக் கொடுக்கும் தண்டனை. மாற்றப்பட வேண்டியவன் சந்தேகநபர். விசாரணை முடியும்வரை அவளுடைய லீவுப் படிவத்தில் அவன் கையொப்பம் வைக்கிற நிலை இருக்கக்கூடாது. கந்தோர்க் கணினியிலோ கந்தோர் போனிலோ அந்தப் படம் செய்யப்பட்டிருக்கலாம் என்றால், அதை யாரும் தொடாமல் பூட்டி வைத்து விசாரணைக்குக் கொடுக்கவேண்டியது உங்கள் பொறுப்பு.

இந்தக் கூட்டத்தில் யாருடைய போனிலாவது அப்படியொரு படம் இப்போது இருந்தால், தம்பி, அழிக்காதே, யாருக்கும் அனுப்பாதே. அந்தப் பிள்ளையிடம் போய், "என்னிடம் இருக்கிறது, நான் சாட்சி சொல்ல வருகிறேன்" என்று சொல்.