தப்பான விடைதான் முக்கியம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறையப் பேர் கேட்டீங்க, "குழந்தைக்குப் படம் பார்த்து வார்த்தை கண்டுபிடிக்கிற க்விஸ் எப்படிப் பண்றது?"னு. முதல்ல நான் சொதப்பின கதையைச் சொல்றேன்.

எழுத்துக்கூட்ட ஆரம்பிச்ச ஆறு வயசுக் குழந்தைகள். யானைப் படம் போட்டேன். கீழே மூணு வார்த்தை: யானை, பூ, மரம். எல்லாருமே சரியாத் தொட்டாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் படத்தைக் கையால மறைச்சுட்டு, "இதைப் படி"ன்னேன். பாதிப் பேருக்கு வாசிக்க வரலை. 'யா'ன்னு முதல் எழுத்தை மட்டும் பார்த்துட்டுத் தொட்டிருக்காங்க. மத்த ரெண்டு வார்த்தையும் அவ்வளவு தூரத்துல இருந்தா, அதுவே போதுமே!

அப்போதான் புரிஞ்சது: கேள்வியோட தரம் தப்பான விடைகள்லதான் இருக்கு.

இப்போ நான் செய்யறது இது. 'கால்' படம். விடைகள் நாலு: கல், கால், பால், காய். ஒவ்வொரு தப்பும் சரியான விடையிலிருந்து ஒரே ஒரு இடத்துலதான் மாறுது. குழந்தை 'கல்'லைத் தொட்டா, துணைக்காலைக் கவனிக்கலைன்னு அர்த்தம். 'பால்' தொட்டா, முதல் எழுத்தைச் சரியாப் பார்க்கலை. 'காய்' தொட்டா, 'கா' வரைக்கும் படிச்சிட்டு மிச்சத்தை ஊகிச்சிருக்கு. நாளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்னு அந்தத் தப்பே சொல்லிடும்.

ஆனா ஒரே ஒரு தடவையை வச்சு முடிவு பண்ணாதீங்க. நாலு விடை இருந்தா, கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் நாலுல ஒண்ணு சரியா விழும். அதே மாதிரித் தப்பு இன்னும் ரெண்டு மூணு கேள்வியிலயும் வருதான்னு பாருங்க.

தப்பான விடையும் குழந்தைக்குத் தெரிஞ்ச வார்த்தையா இருக்கணும். 'நகம்' படத்துக்கு முகம், நகை, நாகம்னு வச்சேன். எங்க பசங்களுக்குப் 'பாம்பு'தான் தெரியும், 'நாகம்' தெரியாது. யாருமே அதைத் தொடலை. அதனால நெடிலைக் கவனிச்சாங்களான்னு எனக்குத் தெரியவே இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துட்டேன்.

அடுத்தது படம். டம்ளர்ல பால் வரைஞ்சேன். ஒருத்தன் "டம்ளர்"னான், ஒருத்தி "மோர்"னா. இப்படி இருந்தா நல்லாப் படிக்கிற பிள்ளையும் தப்புப் பண்ணும். கால் வரையும்போதும் அப்படித்தான். முழு ஆளையும் வரைஞ்சா "பையன்"னு சொல்றாங்க, செருப்பு மாட்டினா "செருப்பு"ங்கறாங்க. முழங்காலுக்குக் கீழே, வெறுங்காலா வரைஞ்சதும் சரியாயிடுச்சு.

அதனால, வார்த்தைகளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி படத்தை மட்டும் அஞ்சு குழந்தைகள்கிட்டக் காட்டி, "இது என்ன?"னு கேளுங்க. நாலு பேராவது நீங்க நினைச்ச அதே வார்த்தையைச் சொல்லணும். சொல்லலைன்னா படத்தை மாத்துங்க. குழந்தையைத் திருத்த வேண்டாம்.

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி செஞ்சு பாருங்க. உங்க வீட்டுக் குட்டி எந்தத் தப்பைத் தொட்டுச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பேசலாம்.