சிம்முக்கே தெரியாத நம்பர்

இன்னிக்கு எபிசோடு ரொம்ப சின்னது. போன மாசம் நான் மாட்டிக்கிட்ட ஒரு விஷயம்.

காலேஜ் முதல் வருஷத்துல ஆரம்பிச்ச பேங்க் அக்கவுண்ட் ஒண்ணு இருக்கு. அதுல இருந்து பணம் எடுக்கணும்னா அப்போ கொடுத்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும். சிம் கிடைச்சிருச்சு, பழைய பர்ஸ்ல இருந்தது. ஆனா நம்பர் மறந்தே போச்சு. பேங்க் ஆப்ல கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியுது. சிம் மேல ஒரு நீள எண் அச்சடிச்சிருக்கும் இல்லையா, 8991-னு ஆரம்பிக்கும். அது போன் நம்பர் கிடையாது, அந்த அட்டையோட வரிசை எண். 89 தொலைத்தொடர்பைக் குறிக்கும், 91 இந்தியா.

சரி, போன்ல போட்டா நம்பர் தெரியும்னு நினைச்சேன். செட்டிங்ஸ்ல About phone போனா, நம்பர் இருக்க வேண்டிய இடத்துல Unknown-னு இருக்கு.

ஏன்னா, சிம்முக்கு தன்னோட நம்பர் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. சிம்முக்குள்ள இருக்கிறது ஐஎம்எஸ்ஐ-னு ஒரு அடையாள எண். "இந்த ஐஎம்எஸ்ஐ-க்கு இந்த போன் நம்பர்"னு சொல்ற பதிவேடு கம்பெனியோட சர்வர்ல இருக்கு. சிம்ல போன் நம்பரை எழுதி வைக்க ஒரு இடம் உண்டு, ஆனா அது காலியாவும் இருக்கலாம். அதைவிட மோசம், அதுல தப்பான நம்பரும் இருக்கலாம். அந்த இடத்துல என்ன எழுதியிருந்தாலும் கால் போறதுக்கோ வர்றதுக்கோ சம்பந்தமே இல்ல. அதனால செட்டிங்ஸ்ல ஒரு நம்பர் தெரிஞ்சாலும் உடனே நம்பாதீங்க. வாட்ஸப் காட்டுற நம்பரும் அப்படித்தான். அது அக்கவுண்ட் தொடங்குன நம்பர், உள்ள இருக்கிற சிம்மோடது இல்ல.

அப்போ நெட்வொர்க்கைத்தான் கேக்கணும். சுலபமான வழி மிஸ்டு கால். அம்மா போனை கையில வச்சுக்கிட்டு கூப்பிட்டேன். ஒரு நம்பர் வந்துச்சு, ஆஹான்னு பார்த்தா அது என்னோட இப்போதைய நம்பர்! ரெண்டு சிம் போன்ல கால் எந்த சிம்ல போகணும்னு தேர்வு செய்யணும், நான் பார்க்காம முதல் சிம்லயே அடிச்சிருக்கேன். இந்தத் தப்பை நிறைய பேர் பண்ணுவாங்கன்னு நினைக்கிறேன். ரெண்டாவது சிம்ல அடிச்சா, ரீசார்ஜ் முடிஞ்சிருச்சுன்னு அறிவிப்பு.

இங்கதான் முடிச்சு. கால் பண்ண ரீசார்ஜ் பண்ணணும். ரீசார்ஜ் பண்ண நம்பர் வேணும். நம்பர் தெரிய கால் பண்ணணும்!

இந்த முடிச்சை அவிழ்த்தது யுஎஸ்எஸ்டி. ஸ்டார்ல ஆரம்பிச்சு ஹேஷ்ல முடியுற குறியீடுகள். என் சிம் ஏர்டெல், அதனால கால் அடிக்கிற மாதிரியே இதை அடிச்சேன்:

```
*282#
```

இது கால் இல்ல. டவரோட சிம் பேசுற சிக்னல் வழியாவே கேள்வி போகும், சர்வர் பதிவேட்டைப் பார்த்து நம்பரை திரையில அனுப்பும். அதனாலதான் பேலன்ஸ் இல்லாதப்பவும் பெரும்பாலும் வேலை செய்யுது. விஐ-னா `*199#`. ஜியோன்னா வைஃபையை அணைச்சுட்டு ஜியோ டேட்டாலயே மைஜியோ ஆப்பைத் திறங்க, நெட்வொர்க்கே சிம்மை அடையாளம் கண்டு நம்பரைக் காட்டும். ஆனா அதுக்கு டேட்டா ஓடணும்.

எனக்கு 10 இலக்கமும் வந்துச்சு. கடைசி நாலை பேங்க் ஆப்ல இருக்கிறதோட ஒப்பிட்டேன், சரியா இருந்தது. ரீசார்ஜ் பண்ணேன், ஓடிபி வந்துச்சு. முதல் வேலையா பேங்க்ல நம்பரை மாத்திட்டேன்.

எனக்கு அதிர்ஷ்டம், டவர் கிடைச்சது. அவசர அழைப்பு மட்டும்னு போன் காட்டினா, சிம் உயிரோட இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம். 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாத ப்ரீபெய்ட் நம்பரை கம்பெனி நிறுத்தலாம், கொஞ்ச காலம் கழிச்சு வேற ஒருத்தருக்கும் கொடுக்கலாம். அப்போ எந்தக் குறியீடும் பதில் சொல்லாது. பழைய ரீசார்ஜ் ரசீது மெயில்ல இருக்கான்னு தேடுங்க. இல்லன்னா அந்த 8991 எண்ணோட கம்பெனி கடைக்குப் போகணும். யார் பேர்ல சிம் வாங்குனீங்களோ அவர் அடையாள அட்டையோட வரணும். என்னுது அப்பா பேர்ல இருக்கு. கடைக்குப் போக வேண்டி வந்திருந்தா, அந்த அக்கவுண்டைப் பத்தி அவர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டி வந்திருக்கும்!