கடைக் கணக்கும் வீட்டுப்பாடக் கணக்கும்

(நம் சங்கம் பள்ளி மாணவர்களுக்காக நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஆசிரியர் அல்ல. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா படித்துவிட்டு அத்தாவின் கடைக்கே திரும்பி வந்தவன். வீட்டுப்பாடத்தை மறக்காமல் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மாணவனாக இருந்தபோது மறந்து மறந்து கெட்டவன் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்களோ என்னவோ! எனக்குத் தெரிந்தது கடைக் கணக்கு. அதை வைத்தே சொல்கிறேன்.

சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் இருந்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் தெரியும். தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒரு முறை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மாதம் முழுவதும் கடனில் வாங்குவார்கள். சம்பள நாளில் தீர்ப்பார்கள். அந்தக் கடனை எழுத ஒரு சின்னப் புத்தகம் உண்டு. அட்டையில் 555 என்று போட்டிருக்கும். நாம் ‘தீகா லீமா புத்தகம்’ என்போம். சட்டைப் பையில் அடங்கிவிடும். இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இதோ, என் பையில் ஒன்று இருக்கிறது.

அத்தா அதில் எழுதியது மூன்றே விஷயம்: தேதி, சரக்கு, தொகை. பணம் கைக்கு வந்ததும் அந்த வரியின் மேல் ஒரு கோடு. அவருக்கு ஒரு கட்டாயம் இருந்தது. சரக்கு வாங்கியவர் வாசற்படியைத் தாண்டுவதற்குள் எழுதிவிட வேண்டும். “அப்புறம் எழுதலாம்னு விட்ட கடன் நம்ம காசு இல்லப்பா” என்பார்.

ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுக்கிறாரே, அதுவும் ஒரு கடன்தான். வாங்கியாகிவிட்டது, ஒரு நாள் தீர்க்க வேண்டும். ஆகவே அதே புத்தகம், அதே முறை. பாடம் முடிந்து மணி அடித்ததும் புத்தகப் பையை மூடுவீர்கள் அல்லவா? மூடுவதற்கு முன் எழுதிவிடுங்கள். பேருந்தில் எழுதலாம், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால், அதற்குள் அடுத்த ஆசிரியர் வந்து கரும்பலகையை அழித்திருப்பார்.

எப்படி எழுதுவது? ‘கணிதம்’ என்று மட்டும் எழுதுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கடைப் புத்தகத்தில் ‘அரிசி’ என்று மட்டும் எழுதினால் யாருக்குப் புரியும்? எத்தனை கிலோ? எவ்வளவு வெள்ளி? அதனால் இப்படி எழுதுங்கள்: ‘திங்கள் – கணிதம் – பயிற்சி நூல் பக்கம் 42, கேள்வி 1 முதல் 6 – புதன்’. கொடுத்த நாள், பாடம், அளவு, ஒப்படைக்கும் நாள். ஒரு வரிதான். அரை நிமிடத்தில் எழுதிவிடலாம். அளவு எழுதாத வரியைப் பார்த்தால் இரவில் மலைப்பு வரும். ஆறு கேள்வி என்று பார்த்தால், “ஆறுதானே” என்று பென்சிலை எடுப்பீர்கள்.

இனிமேல் சொல்வது எனக்கே அடிபட்டுத் தெரிந்தது. பாலிடெக்னிக்கில் மூன்றாம் பருவத்தில் ஒரு செயல்திட்ட அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நான் மறக்கவில்லை. நாட்குறிப்பில் 15ஆம் தேதிப் பக்கத்தில் ‘அறிக்கை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் 14ஆம் தேதி வரைக்கும் அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை! திறந்தபோது ஓர் இரவுதான் மிச்சம். சுற்றுப்படம் வரையவில்லை, அளவுகள் எடுக்கவில்லை. பாதி அறிக்கைதான் கொடுத்தேன். அந்தப் பாடத்தை மறுபருவம் மீண்டும் படித்தேன். அதற்கான செலவை அத்தா கடைப் பணத்திலிருந்துதான் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு, தொகையை எழுதிவிட்டு, என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வேலைக்குப் போன முதல் ஆண்டில் அதைக் கொடுத்துத் தீர்த்தேன். அவர் கோடு போட்ட அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தவறு எங்கே? எழுதாமல் விடவில்லை. கொடுக்கும் நாளை எழுதினேன், செய்யும் நாளை எழுதவில்லை. கடைக்காரர் சம்பள நாளை மட்டும் எழுதி வைத்தால் போதுமா? அதற்குள் என்னென்ன வாங்க வேண்டும், எப்போது லாரி வரும் என்றும் எழுதினால்தானே கடை ஓடும்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை அறிவியல் ஆசிரியர், “அடுத்த திங்கள் மணிலா அட்டையில் உணவுச் சங்கிலி வரைந்து கொண்டு வாருங்கள்” என்கிறார். அவள் திங்கள் பக்கத்தில் ‘அட்டை ஒப்படைக்க’ என்று எழுதுகிறாள். இத்துடன் நிறுத்தினால் ஞாயிறு இரவு என்ன நடக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். பத்து மணிக்கு, “அம்மா, மணிலா அட்டை வேணும்” என்று நிற்பாள். தோட்டத்தில் அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

அதனால் அவள் திங்களிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஞாயிறு: வண்ணம் தீட்டி, சுருட்டி, பையின் பக்கத்தில் வைக்க. சனி: பென்சிலால் வரைய. வெள்ளி: எந்தெந்த உயிரினம், எந்த வரிசை என்று நோட்டில் எழுத. வியாழன்: அத்தா டவுனுக்குப் போகும்போதோ, பசார் மாலாமிலோ அட்டை வாங்க. புதன் இரவே அத்தாவிடம் சொல்ல. ஐந்து நாள், ஐந்து சின்ன வரி. ஒவ்வொன்றும் அந்தந்த நாள் பக்கத்தில். காசு போட்டு வாங்க வேண்டிய பொருள் இருந்தால் வரிக்கு முன்னால் ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட வரியைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 1994இல் கனடாவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பட்டப் படிப்பின் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனதோ ஏறக்குறைய 55 நாள். பெரிய பிள்ளைகளுக்கே அப்படி! நீங்கள் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு சோதனை செய்யுங்கள். வரியின் ஓரத்தில் ‘20 நிமிடம்’ என்று நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். முடித்த பிறகு உண்மையில் ஆன நேரத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். மலாய் மொழிக் கட்டுரைக்கு 20 என்று போட்டு 50 ஆகிறது என்றால், அடுத்த முறை 50 என்றே போடுங்கள். தெரியாத பாடத்துக்குத்தான் வித்தியாசம் அதிகமாக இருக்கும். எந்தப் பாடத்துக்கு உதவி வேண்டும் என்பதையும் அதுவே காட்டிக் கொடுக்கும்.

சரி, எழுதியாகிவிட்டது. அதைப் பார்க்க வேண்டுமே! நினைவூட்டல் இல்லாத புத்தகம் பூட்டிய கடை. காலையில் பள்ளி, மதியம் சமய வகுப்பு, அப்புறம் குளியல், விளையாட்டு என்று உங்கள் நேரம் போய்விடுகிறது. நம் வீடுகளில் நாள் தவறாமல் நடப்பது மக்ரிப் தொழுகை. நம் ஊரில் ஆண்டு முழுவதும் அதன் நேரம் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான். ஆகவே தொழுகைப் பாயை மடித்து வைத்ததும் புத்தகத்தைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு புதியதைக் கட்டிவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் அலாரம் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று வைத்தால் மூன்றாம் நாளே பார்க்காமல் அணைக்கக் கை பழகிவிடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவையும் நம்பி இருக்காதீர்கள். ஆசிரியர் காலையில் போட்ட செய்தி மாலைக்குள் நூறு செய்திக்கு அடியில் போய்விடும். கைப்பேசியோ அத்தாவோடு வேலைக்குப் போயிருக்கும். குழுவில் வந்ததையும் புத்தகத்தில் ஒரு வரியாக ஏற்றுங்கள். கணக்கு ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

எப்போது கோடு போடுவது? எழுதி முடித்ததும் அல்ல. அந்த நோட்டு பைக்குள் போன பிறகு. எழுதி முடித்து மேசை மேலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போன நாட்கள் எனக்கு உண்டு. செய்த வேலைக்கும் தண்டனை வாங்கினேன்!

வீட்டுப்பாடமே இல்லாத நாளில் ‘இன்று இல்லை’ என்று எழுதுங்கள். கடை அடைத்த நாளையும் அத்தா ‘அடைப்பு’ என்று எழுதுவார். வெறும் பக்கம் இருந்தால், வேலை இல்லையா, எழுத மறந்ததா என்று பிறகு தெரியாது. தொடர்ந்து மூன்று நாள் வெறுமையாக இருந்தால் பழக்கம் விட்டுப்போகிறது என்று பொருள். விட்ட நாட்களை நிரப்ப உட்காராதீர்கள். இன்றைய பக்கத்தில் தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரத்தில் கோடு விழாத வரிகளைப் பார்த்து, புதிய பக்கத்தின் தலையில் ‘முன்பாக்கி’ என்று போட்டு மறுபடி எழுதுங்கள். மூன்று வாரமாக ஒரே வேலை முன்பாக்கியில் வந்தால் அது சோம்பல் இல்லை. பெரும்பாலும் புரியவில்லை என்றுதான் பொருள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். புத்தகம் மறதிக்குத்தான் மருந்து. புரியாத கணக்கை அது போட்டுத் தராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “வீட்டுப்பாடம் இருக்கா?” என்று கேட்டால் “இல்ல” என்ற பதில்தான் வரும். “புத்தகத்தைக் காட்டு” என்று கேளுங்கள். பார்த்துவிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைக்காக நீங்கள் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் கடன் உங்கள் பெயரில் ஏறிவிடும்!

வாசலில் ஒரு பெட்டி நிறைய 555 புத்தகம் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விலை வேண்டாம். நாளை திங்கள். ஒப்படைக்க வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெரியும். வாசற்படி தாண்டுவதற்குள் அதை முதல் வரியாக எழுதிவிட்டுப் போங்கள். பேனா நான் தருகிறேன்.