அட்டையின் முன்னும் பின்னும்: சொல் அட்டைகளை இருபுறமும் பொருந்த அச்சிடுதல்

(தருமபுரி மாவட்டத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சொல் அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அட்டையின் முன்பக்கம் இருக்கும் சொல்லுக்கு உரிய பொருள், அதே அட்டையின் பின்பக்கத்தில் சரியாக வந்து விழ வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இதில் நானே தவறு செய்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான்காம் வகுப்புக்கு ஆங்கிலச் சொற்களை மீள்பார்வை செய்ய எட்டு அட்டைகள் தயாரித்தேன். நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்த பொருள்களாக இருக்கட்டும் என்று ஆறு, அருவி, பரிசல், மீன், பாறை, காடு, மாம்பழம், புளி ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். ஒரே தாளில் முன்பக்கம் எட்டு ஆங்கிலச் சொற்கள், பின்பக்கம் எட்டுத் தமிழ்ச் சொற்கள். அச்சிட்டேன், வெட்டினேன், பிள்ளைகளிடம் இருவர் இருவராகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒரு சிறுமி, மாம்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லைக் காட்டி "புளி" என்றாள். நான் திருத்தினேன். "இல்லைங்க டீச்சர், அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு" என்று திருப்பிக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். எட்டு அட்டைகளும் தவறாக இருந்தன. நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அட்டைதான் பிள்ளைக்கு ஆசிரியர். அது தவறாகச் சொன்னால் பிள்ளை அதையே உறுதியாகக் கற்றுக்கொள்ளும்.

தவறு எங்கே நடந்தது? தாளை நிமிர்த்தி வைத்து, இரண்டு பத்தி, நான்கு வரிசை என்று கட்டம் போட்டிருந்தேன். முன்பக்கத்தில் முதல் வரிசையில் 1, 2. அடுத்து 3, 4. பிறகு 5, 6. கடைசியில் 7, 8. பின்பக்கத்திலும் அதே வரிசையில் பொருளை நிரப்பிவிட்டேன். ஆனால் புத்தகத் தாளைப் புரட்டுவது போல ஒரு தாளைத் திருப்பினால், இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போய்விடும். 1-க்குப் பின்னால் இருப்பது பின்பக்கத்தின் வலது மூலை. அங்கே நான் 2-இன் பொருளை வைத்திருந்தேன். எனவே பின்பக்கத்தை 2, 1, 4, 3, 6, 5, 8, 7 என்று பத்தி மாற்றி நிரப்ப வேண்டும். வரிசை மாறாது, பத்தி மட்டும் மாறும்.

அடுத்தது, அச்சுப்பொறிக்கு நாம் சொல்ல வேண்டியது. இருபுறமும் அச்சிடும்போது திரையில் இரண்டு வாய்ப்புகள் வரும். Flip on long edge என்பது புத்தகத் தாளைப் புரட்டுவது போன்றது. Flip on short edge என்பது சுவரில் தொங்கும் மாதக்காட்டியின் தாளை மேலே தூக்கிப் புரட்டுவது போன்றது. நிமிர்ந்த தாளுக்கு, நான் சொன்ன பத்தி மாற்றிய அமைப்புக்கு, முதல் வாய்ப்புதான் பொருந்தும்.

சொற்களைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே, கட்டங்களில் எண்களை மட்டும் போட்டு ஒரு சோதனைத் தாள் அச்சிடுங்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, 1-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1 இருந்தால் சரி. 2 இருந்தால், பத்தி மாற்ற மறந்துவிட்டீர்கள். 8 தலைகீழாக இருந்தால், பத்தியை மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் புரட்டும் விதம் தவறு. 7 தலைகீழாக இருந்தால் இரண்டுமே தவறு. ஒரே ஒரு தாளில் நோய் எது என்று தெரிந்துவிடும்.

சில பள்ளிகளில் உள்ள அச்சுப்பொறி தானாக இருபுறமும் அச்சிடாது. நாமே தாளைத் திருப்பி வைக்க வேண்டும். அப்படியானால் வெற்றுத் தாளின் மேல்முகத்தில், மேல் ஓரத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு உள்ளே அனுப்புங்கள். அது எந்த முகமாக, எந்தத் தலையாக வெளியே வருகிறது என்று பார்த்து, திருப்பி வைக்கும் முறையை அச்சுப்பொறியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு பொறிக்கும் அது வேறுபடும்.

இனி அளவு. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். பெரும்பாலான அச்சுப்பொறிகள் தாளின் விளிம்பு வரை அச்சிடுவதில்லை. அதனால் இடமும் வலமும் 1 செ.மீ. விட்டு, ஒவ்வோர் அட்டைக்கும் 9.5 செ.மீ. அகலமும் 6.6 செ.மீ. உயரமும் வைக்கிறேன். மேலும் கீழும் 1.65 செ.மீ. மிஞ்சும். இடது, வலது ஓரங்கள் சமமாக இருப்பது முக்கியம். சமமில்லாவிட்டால் திருப்பும்போது கட்டமே நகர்ந்துவிடும். வரிசையின் உயரத்துக்கு Exactly என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நீளமான பொருள் வந்த வரிசை தானாக உயர்ந்து, அதற்குக் கீழே உள்ள எல்லாம் இறங்கிவிடும்.

வேர்டில் அட்டவணைக்குக் கீழே எப்போதும் ஒரு வெற்று வரி இருக்கும். அதற்கு இடமில்லையென்றால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் நுழைந்து, முன்பக்கத்துக்குப் பின்னால் ஒன்றுமே அச்சாகாது. எனவே பக்க அமைப்பில் கீழ் ஓரத்தை 0.8 செ.மீ. என்று கொடுங்கள். அந்த வரிக்கு இடம் கிடைத்துவிடும். கோப்பு இரண்டே பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

கடையில் அச்சிடுவதானால் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். நம் தமிழ் எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. அச்சிடும்போது Actual size என்று இருக்கட்டும். Fit என்று இருந்தால் அளவு மாறும். அச்சான கட்டத்தை அளவுகோலால் அளந்து, 9.5 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகத்தான் செய்யும். தாள் உள்ளே போகும்போது சற்று நகர்வதே காரணம். அதை முழுவதுமாகத் தடுக்க முடியாது, மறைக்க முடியும். கட்டக் கோடுகளை முன்பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். பின்பக்கத்தில் கோடு வேண்டாம். சொல்லைக் கட்டத்தின் நடுவில் வைத்தால் விலகல் கண்ணுக்கே தெரியாது. விலகல் அதற்கு மேல் போனாலோ சாய்ந்து வந்தாலோ, தாள் தட்டில் உள்ள பக்கத் தடுப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். பிள்ளை திருப்பாமலே விடையைப் படித்துவிடும். கெட்டித் தாள் கிடைக்கவில்லை என்றாலும், அச்சுப்பொறி கெட்டித் தாளை ஏற்கவில்லை என்றாலும் ஒரு வழி உண்டு. ஒரே பக்கத்தில் இடப்பத்தியில் சொல், வலப்பத்தியில் பொருள் என்று அச்சிட்டு, வரிசை வரிசையாக வெட்டி, நடுக்கோட்டில் மடித்து ஒட்டுங்கள். ஒரு தாளில் நான்கு அட்டைதான் கிடைக்கும். ஆனால் அட்டை இரட்டைத் தடிமனாகும், பின்பக்க எழுத்து எளிதில் தெரியாது, முன்பின் பொருத்தம் தவறவே வாய்ப்பில்லை. ஒருபுறம் மட்டும் அச்சிடும் பொறி உள்ள பள்ளிக்கு இதுவே நல்லது.

நான் அந்த எட்டு அட்டைகளையும் திரும்ப வாங்கி, பிள்ளைகளிடம் தவறு என்னுடையது என்று சொல்லி, புதிதாக அச்சிட்டேன். இப்போது எண் போட்ட சோதனைத் தாளை முதலில் அந்தச் சிறுமியிடம்தான் கொடுக்கிறேன். ஜன்னலோரம் போய்ப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணுதாங்க டீச்சர்" என்று அவள் சொன்ன பிறகே சொற்களை அச்சிடுகிறேன்.