முடிந்த திட்டத்தை மூடிவைக்கும் முறை
(பள்ளித் திட்டப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் ஏதோ ஒரு திட்டத்துக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறீர்கள். வாசிப்பு அறை, ஆய்வகச் சீரமைப்பு, காய்கறித் தோட்டம் என்று பெயர் வேறுபடலாம். கொள்முதல், பில், பொருள் வந்த நாள், யார் வாங்கி வைத்தார் என்பதையெல்லாம் எழுதிவைக்கச் சில இடங்களில் ரெட்மைன் என்ற டிராக்கரைப் பயன்படுத்துகிறோம். 2006-இல் ஜான் பிலிப் லாங் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு பதிவு இருக்கும். பதிவுக்கு ஓர் எண் இருக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு அந்தப் பதிவின் அடியிலேயே சேர்ந்துகொண்டு போகும். இதைப் பயன்படுத்தும் முறை உங்களுக்குத் தெரியும். திட்டம் முடிந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். ஏனென்றால், தணிக்கை திட்டம் நடக்கும்போது வருவதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து, பொறுப்பாசிரியர் மாறுதலில் போன பிறகுதான் வருகிறது.

திட்டம் முடிந்ததும் அதைத் திரையிலிருந்து அப்புறப்படுத்த ரெட்மைனில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று `Close`, மற்றொன்று `Archive`. தமிழில் இரண்டையும் 'மூடுதல்' என்றே சொல்லிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

`Close` செய்தால் திட்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும். யாரும் புதிய பதிவு போட முடியாது, பழையதைத் திருத்த முடியாது, குறிப்பு சேர்க்கவும் முடியாது. ஆனால் திறந்து படிக்கலாம். தேடினால் கிடைக்கும். `Archive` அப்படியல்ல. அதைச் செய்த கணமே திட்டம் எல்லோர் கண்ணிலிருந்தும் மறைந்துவிடும். தேடல், பட்டியல் எதிலும் வராது. பழைய இணைப்பை வைத்துத் திறக்க முயன்றால் `The project you're trying to access has been archived.` என்ற ஒரு வரிதான் வரும். தரவு அழிந்துவிடவில்லை, உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிர்வாகி உரிமை உள்ள ஒருவர் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் மீட்டால்தான் வெளியே வரும். பழகிப் பார்க்கத் தொடங்கிய சோதனைத் திட்டங்களுக்கு `Archive` பொருத்தமானது. பணம் செலவான எந்தத் திட்டத்துக்கும் `Close` மட்டும் போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பள்ளிகளுக்கான வாசிப்பு அறைத் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 612 பதிவுகள். திட்டம் முடிந்ததும் யாரோ ஒருவர் `Archive` செய்துவிட்டார். பிறகு தணிக்கையாளர் ஒரு கேள்வி எழுப்பினார். பில் எண் 417, பதினொரு இரும்பு அலமாரி, ஒன்று 3,500 ரூபாய் வீதம் 38,500 ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் அதே தேதியில் ஒன்பதுதான் ஏறியிருக்கிறது. மீதி இரண்டு எங்கே? ஏழாயிரம் ரூபாய்க் கேள்வி. பதில் இல்லையென்றால் தணிக்கைத் தடையாக நிற்கும். அப்போது பணியில் இருந்த தலைமையாசிரியர் பெயர்தான் அதில் வரும்.

என்னை அழைத்தார்கள். "சார், ப்ராஜெக்ட்டையே காணோம்" என்றார் அலுவலக உதவியாளர். நிர்வாகியைக் கொண்டு மீட்டோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்ட திட்டம் படிக்க மட்டும் என்ற நிலையில் வராது. மேலே ஒரு தாய்த் திட்டம் மூடப்பட்டிருந்தால் தவிர, அது மீண்டும் நடப்புத் திட்டமாகவே வரும். அதாவது, உறுப்பினராக உள்ள யாரும் பதிவைத் திருத்தலாம். தணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது பழைய பதிவுகள் திருத்தும்படி திறந்து கிடப்பது நல்லதல்ல. அதனால் மீட்ட உடனே முதல் வேலையாக `Close` கொடுக்கச் சொன்னேன்.

அடுத்து, தேடல் பெட்டியில் 417 என்று அடித்தார். உடனே ஒரு பதிவு திறந்தது. சுவர் வரைபடம் வாங்கியது பற்றிய பதிவு! அவர் குழம்பிவிட்டார். வெறும் எண்ணை மட்டும் அடித்தால், அந்த எண்ணுள்ள பதிவையே கேட்கிறீர்கள் என்று ரெட்மைன் எடுத்துக்கொண்டு நேராக அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பதிவு எண் 417 வேறு, பில் எண் 417 வேறு. இதைத் தவிர்க்க, எண்ணை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத் தேட வேண்டும்.

```
"417"
```

அப்படித் தேடியபோதும் அலமாரிப் பதிவு வரவில்லை. காரணம், பில் எண்ணுக்கென்று அவர்கள் உருவாக்கியிருந்த தனிப் புலம் முழு எண் வகையில் இருந்தது. அந்த வகைப் புலத்தைத் தேடல் பெட்டி பார்ப்பதே இல்லை. உரை வகையில் உருவாக்கி, `Searchable` என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் வந்திருக்கும். நல்ல வேளையாக `Used as a filter` என்பதில் குறி இருந்தது. எனவே பதிவுப் பட்டியலுக்குப் போய், பில் எண் 417 என்று வடிகட்டினோம். பட்டியல் காலி. அங்கே இயல்பாகவே திறந்த பதிவுகள் மட்டும் என்ற வடிகட்டி இருக்கும். முடிந்த திட்டத்தில் திறந்த பதிவு எங்கே இருக்கும்? `Status` வடிகட்டியை `any` என்று மாற்றியதும் ஒரே ஒரு பதிவு வந்தது. எண் 231.

அதன் வரலாற்றில் எல்லாம் இருந்தது. பதினொரு அலமாரி வந்திருக்கிறது; இரண்டின் கதவு வளைந்திருந்ததால் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்; 23 நாள் கழித்து மாற்று அலமாரி வந்திருக்கிறது; வாங்கிய ஆசிரியரின் குறிப்பு இருக்கிறது; பொருள் ஒப்படைப்புச் சீட்டின் படமும் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அந்த இரண்டும் 23 நாள் கழித்து வேறு தேதியில் ஏறியிருந்தன. கேள்வி அத்துடன் தீர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு முழு நாள் போய்விட்டது.

எனவே `Close` கொடுப்பதற்கு முந்தைய வாரத்தில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. மூடிய பிறகு எதையும் திருத்த முடியாது என்பதால் இவற்றைத் தள்ளிப்போட முடியாது. பில் எண் புலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, ப-417 என்பதுபோல் உரையாக எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொண்டால் பதிவு எண்ணோடு குழப்பமே வராது.

அடுத்தது இணைப்புகள். நாம் கைபேசியில் எடுத்த படத்தை `IMG_0114.jpg` என்ற பெயரிலேயே ஏற்றிவிடுகிறோம். ரெட்மைன் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்காது. பிடிஎஃப் கோப்புக்குள்ளும் பார்க்காது. கோப்பின் பெயரையும், அதன் பக்கத்தில் நாம் எழுதும் விவரத்தையும்தான் தேடும். அதுவும் தேடல் பக்கத்தின் விருப்பங்களில் இணைப்புகளையும் சேர்த்துத் தேடு என்று தேர்ந்தெடுத்தால்தான். ஆகவே ஒவ்வொரு பில் படத்துக்கும் ஒரு வரி விவரம் எழுதுங்கள்: "ப-417 அலமாரி ஒப்படைப்புச் சீட்டு" என்றால் போதும். 612 பதிவுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. பணம் தொடர்புடைய பதிவுகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

தமிழில் தேடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தத் தேடல் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்ப்பது, இலக்கணம் அறியாதது. "புத்தகம்" என்று தேடினால் "புத்தகங்கள்", "புத்தகத்தை" என்று எழுதிய பதிவுகள் வராது. "புத்தக" என்று நிறுத்தித் தேடினால் மூன்றும் வரும். தமிழாசிரியர்களுக்கு இது எளிது. வேற்றுமை உருபு சேரும்போது மாறாமல் நிற்கும் பகுதி எதுவோ, அதுவரை மட்டும் அடித்தால் போதும். "அலமாரி" போன்ற சொற்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே பொருளை ஒருவர் அலமாரி என்றும், இன்னொருவர் பீரோ என்றும், மூன்றாமவர் ரேக் என்றும் எழுதியிருந்தால் தேடல் என்ன செய்யும்? மூடும் முன் திட்டத்தின் விக்கிப் பக்கத்தில், எந்தப் பொருளுக்கு என்னென்ன பெயர்கள் பதிவுகளில் வந்திருக்கின்றன என்று ஒரு சிறு பட்டியல் எழுதிவைக்கலாம்.

பிறகு ஆட்கள். மாறுதலில் போன அல்லது ஓய்வு பெற்ற ஆசிரியரின் கணக்கை ஒருபோதும் நீக்கச் சொல்லாதீர்கள். கணக்கை நீக்கினால் அவர் எழுதிய பதிவுகளும் குறிப்புகளும் அப்படியே இருக்கும்; ஆனால் அவர் பெயர் இருந்த இடத்தில் `Anonymous` என்று வந்துவிடும். யார் பொருளை வாங்கினார் என்று தணிக்கையாளர் கேட்கும்போது 'பெயரிலி' என்று காட்டினால் என்ன மதிப்பு? `Lock` செய்தால் அவரால் உள்ளே நுழைய முடியாது, பெயர் மட்டும் நிலைத்திருக்கும்.

சிலர், "எதற்குச் சார் இவ்வளவும், எக்செல்லில் இறக்கி வைத்துக்கொண்டால் போகிறது" என்பார்கள். இறக்கி வையுங்கள், தவறில்லை. ஆனால் இறக்கியது முழுமையானதா என்று பாருங்கள். மென்பொருளை நிறுவும்போதே ஏற்றுமதிக்கு 500 பதிவு என்ற வரம்பு இருக்கும். நிர்வாகி அதை உயர்த்தாவிட்டால் 612 பதிவில் 112 விடுபடும். கோப்பு ஒழுங்காகவே திறக்கும் என்பதால் விடுபட்டது தெரியாது. கடைசி வரிசை எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். இறக்கும்போது எழுத்துருக் குறியாக்கத்தில் `UTF-8` தேர்ந்தெடுக்க வேண்டும். `ISO-8859-1` என்று இருந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பட்டியலில் பதிவின் இன்றைய நிலை வருமே தவிர, யார் எப்போது மாற்றினார் என்ற முழு வரலாறு வராது. வரலாறு வேண்டுமென்றால் பதிவை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக எடுக்க வேண்டும். பெரிய தொகையுள்ள பத்துப் பதினைந்து பதிவுகளுக்கு அப்படி எடுத்துக் கோப்பில் வைப்பது நல்லது.

தணிக்கைக்குக் கொடுத்த பதிலை எங்கே எழுதுவது என்று சென்ற முறை ஒருவர் கேட்டார். அதற்காகப் பழைய திட்டத்தைத் திறக்க வேண்டாம். திட்டத்தைத் திறந்ததும் மூடியதும் எந்த வரலாற்றிலும் பதிவாவதில்லை. பின்னால் வருபவருக்குச் சந்தேகம்தான் மிஞ்சும். 'தணிக்கை' என்று தனியாக ஒரு திட்டம் தொடங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதிவு போடுங்கள். அதற்குள் `#231` என்று எழுதினாலே பழைய பதிவுக்கு இணைப்பு வந்துவிடும். பழையது தொடப்படாமல் இருக்கும், பதிலும் தேடினால் கிடைக்கும்.

கடைசியாக, காப்புப் பிரதி எடுப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தரவுத்தளத்தை மட்டும் எடுக்கிறாரா, `files` என்ற கோப்புறையையும் சேர்த்து எடுக்கிறாரா என்று. நாம் ஏற்றிய பில் படங்கள் எல்லாம் தரவுத்தளத்தில் இல்லை, அந்தக் கோப்புறையில்தான் இருக்கின்றன. தேநீர் இடைவேளைக்குப் பிறகு, அவரவர் மடிக்கணினியில் ஒரு பழைய திட்டத்தைத் திறந்து, ஏதேனும் ஒரு பில் எண்ணைத் தேடிப் பார்ப்போம்.