இசை எங்கே நுழைவது, எங்கே விலகுவது

(நூற்றாண்டு விழாவில் எமது ஆவணப்படம் காட்டப்படுவதற்கு முன் நிகழ்த்திய உரை)



நீங்கள் இப்போது பார்க்கவிருக்கும் 24 நிமிடப் படத்தைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி எங்கள் குழுவைக் கேட்டார்கள். படத்தில் தெரியாத ஒரு வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று தீர்மானித்தோம். இசையமைப்பாளருடன் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். அன்று அவர் ஒரு வாத்தியத்தையும் தொடவில்லை. படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, எந்த இடத்தில் இசை தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும், அங்கே அதற்கு என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். சினிமாக்காரர் இதை 'ஸ்பொட்டிங்' என்பார்கள்.

இந்த வேலைக்கு முன் படத்தொகுப்பு முடிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு காட்சியை இரண்டு செக்கன் நீட்டினாலும், அதற்குப் பின்வரும் இசை எல்லாம் இரண்டு செக்கன் முந்திவிடும். அதனால் படத்தின் மூலையில் நேரம் ஓடும்படி ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தோம். ஒரு தாளில் கோடு போட்டு, இசைத்துண்டின் எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், காரணம் என்று நான்கு நிரல் வைத்தார். நான்காவது நிரலை நிரப்ப முடியாவிட்டால் முதல் மூன்றையும் வெட்டிவிடுவார். 'சும்மா வெறுமையாக இருக்கிறது' என்பது அவருக்குக் காரணமாகப் படவில்லை.

படத்தொகுப்புச் செய்த பிள்ளை, வேகம் சரியா என்று பார்ப்பதற்காக வேறு எங்கோ எடுத்த வயலின் இசையைத் தற்காலிகமாக வைத்திருந்தது. எல்லா இடத்திலும் அப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் பத்து முறை பார்த்தவருக்கு அந்த இசை படத்தோடு ஒட்டிவிடும். பிறகு வேறு எதைப் போட்டாலும் பிழையாகத்தான் கேட்கும். ஆகவே முதல் வேலையாக அந்த ஒலித்தடத்தை மூடச் சொன்னார். மூடியதும் ஒன்று கேட்டது. ஆரம்பக் காட்சியில், வகுப்பறை யன்னலுக்கு அப்பால், புங்கன்குளம் பக்கமிருந்து புகையிரதம் வருகிற சத்தம். 1990இல் நின்று 2014இல் திரும்பி வந்த சத்தம் அது. எங்களில் மூத்தவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாய்ப்பாடு படித்தோம். வயலினுக்கு அடியில் அது முழுதாக மறைந்து கிடந்திருக்கிறது. அந்தக் காட்சிக்கு நேரே 'இசை இல்லை, புகையிரதம்' என்று எழுதினார்.

சிக்கல் வந்தது பதினான்காவது நிமிடத்தில். எங்கள் ரீச்சர் ஒருவர் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வைச் சொல்கிறார். செம்மணி வழியாக நாவற்குழிப் பக்கம் சனம் நெருக்கிக்கொண்டு போன அந்த இரவில், தன் துணிமணிக்குப் பதிலாகப் பாடசாலைச் சேர்வு இடாப்பைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றிக் கொண்டுபோனவர் அவர். "பேர் எல்லாம் கையில இருந்தது. பிள்ளையள் எங்கை எண்டுதான் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பதினொரு செக்கன்.

அங்கே இசை வேண்டும் என்று எங்களில் சிலர் உறுதியாக நின்றோம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு 1995 ஒரு ஆண்டு மட்டும்தான், இசை இல்லாவிட்டால் அந்த மௌனம் அவர்களுக்குப் புரியாது என்பது எங்கள் வாதம். அவர் மறுத்துப் பேசவில்லை. 1955இல் வந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யிலிருந்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார்.

பலர் பார்த்திருப்பீர்கள். மகள் துர்கா இறந்துவிட்டாள். தூர இடத்திலிருந்து வரும் தகப்பன் ஹரிஹருக்கு அது தெரியாது. கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார், கடைசியில் மகளுக்கு வாங்கிய சேலையை நீட்டுகிறார். அதுவரை தாய் சர்வஜயா ஒன்றும் பேசாமல் இருக்கிறாள். சேலையைக் கையில் வாங்கியதும் உடைந்து அழுகிறாள். வாய் அலறுகிறது, ஆனால் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கிறது. எஸ்ராஜைப் போல வில்லால் வாசிக்கும் வாத்தியம் அது. கூம்பு போன்ற ஒலிபெருக்கிப் பகுதி பொருத்தியிருப்பதால் ஷெனாயைப் போலக் கூர்மையாகக் கேட்கும். இசையமைத்தவர் ரவிசங்கர். படத்தின் பாதியளவைத்தான் பார்த்திருந்தார். கல்கத்தாவில் தங்க நாள் இல்லாததால், ஏறக்குறைய பதினொரு மணிநேரம் தொடர்ந்து விடியும்வரை இருந்து ஒலிப்பதிவு செய்தார்கள். அவ்வளவு அவசரத்திலும் இந்த இடம் துல்லியமாக அமைந்திருக்கிறது.

இசையமைப்பாளர் எங்களைக் கவனிக்கச் சொன்னது இசை தொடங்கும் புள்ளியை. தகப்பன் வாசலில் நுழையும்போதே சோக ராகம் தொடங்கியிருந்தால், அவர் அறியுமுன் நாம் அழுதுவிடுவோம், அவர் சாமான் காட்டுவது வெறும் காத்திருப்பாகிவிடும். தாயால் அடக்க முடியாமல் போகும் கணத்தில்தான் அது வருகிறது. அங்கே அது அழுகைக்குத் துணை வாசிக்கவில்லை, அழுகையின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது.

பிறகு எங்கள் ரீச்சரின் காட்சியைத் திரும்பப் போட்டார். "அக்கா, அந்தத் தாய்க்குக் குரல் இல்லாத இடத்தில வாத்தியம் வந்தது. இவ தானே கதைக்கிறா, தானே நிப்பாட்டுறா. நான் வந்து எதைச் சொல்ல?" என்று கேட்டார்.

அதோடு கேள்வி முடியவில்லை. பேச்சுக்கு அடியிலாவது மெல்லியதாக வைக்கலாமே என்றோம். சரி என்று அந்த வயலினைக் குறைத்து வைத்து, மடிகணினியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கவைத்தார். 'இடாப்பு' என்ற சொல் விழுந்துவிட்டது. வயலினின் தாழ்ந்த தந்தி ஒலிக்கும் இடமும் பெண் குரலின் பேச்சுச் சுருதியும் ஏறக்குறைய ஒன்றுதான். மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கி தாங்கிக்கொள்ளும். ரொறன்ரோவில் கைத்தொலைபேசியில் பார்க்கும் சகோதரிக்குச் சொல்தான் போகும். படம் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், ஒரு நிமிடம்கூட எடுக்காது.

பதினொரு செக்கனும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. அடுத்த காட்சியில் திரும்பித் திறந்த பாடசாலையின் மணி அடிக்கிறது. காட்சி மாறும் அதே கணத்தில் இசையை வைத்தால் 'துக்கம் முடிந்தது, சந்தோசப்படுங்கள்' என்று சொல்வதுபோல் ஆகிவிடும். மணி அடித்து, அதன் ஓசை தேய்ந்து, நான்காவது செக்கனில் வீணையின் ஒரு தந்தி. மணியின் சுருதியை அளந்துகொண்டு போய் அதிலேயே தொடங்கியிருக்கிறார், அதனால் எங்கே தொடங்கியது என்று பலருக்குத் தெரியாது. விலகுவதும் அப்படித்தான். பிள்ளைகள் முற்றத்தில் ஓடிவரும் சத்தம் ஏறும்போது அதற்குள் கரைந்துவிடும். மௌனத்தின் நடுவே நிறுத்தினால், இசை நின்றதுதான் காதில் விழுமாம்.

பாடசாலைக் கீதத்தைப் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. நடுநடுவே வீணையில் வர வேண்டும் என்பது எங்களில் பெரும்பாலோரின் ஆசை. மூன்று முறை வாத்தியத்தில் கேட்டபிறகு நான்காம் முறை பிள்ளைகள் பாடினால் யாருக்கு உடல் சிலிர்க்கும் என்று அவர் கேட்டார். இதில் நாங்கள் இன்னும் முழுமனதோடு உடன்படவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தோம். கீதம் ஒருமுறைதான், கடைசியில், காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் பாடியபடியே, சுருதி கொஞ்சம் விலகியபடியே வரும்.

மொத்தம் நான்கு இடம், ஆறு நிமிடத்துக்குக் குறைவான இசை. ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். படத்தை நாங்கள் அவருக்குத் தனியாகப் போட்டுக் காட்டியபோது, அவர் பேசாமல் இருக்கும் அந்த இடம் வந்ததும் "இதை வெட்டாமல் விட்டிட்டியளே" என்றார். வெட்டவில்லை ரீச்சர்.

விளக்குகளை அணைக்கலாம்.